கணக்கில் சேராத அழைப்புகள்

கடிதத்தின் முதல் வரியிலேயே பொய் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பருவகால மாற்றம் காரணமாக இந்த மாதம் அழைப்புகளின் எண்ணிக்கை குறைந்துள்ளது" என்று எழுதிவிட்டு, விளம்பரக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லோரும் அவளுக்கு வைத்த பேர் அதுதான். சொந்தமாக ஆபீஸ் கிடையாது. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் லேப்டாப், மறு முனையில் ஊறுகாய் பாட்டில். சின்னச் சின்னக் கடைகளுக்கு இணையத்தில் விளம்பரம் போட்டுக் கொடுப்பது, மாதா மாதம் எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று கோட்டுப்படம் வரைந்து அனுப்புவது, இதுதான் பிழைப்பு.

முதுகுக்குப் பின்னால் நின்று அண்ணி படித்தாள். அண்ணிக்கு அடுத்தவர் திரையைப் படிக்கக் கூடாது என்ற கூச்சமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

"பருவகால மாற்றமா? இது எந்தக் கடைக்கு?"

"காது மிஷின் கடைக்கு, அண்ணி."

"அடிப்பாவி. காது கேக்காமப் போறதுக்கு என்னடி சீசன்? மழைக்காலத்துல கேக்கும், வெயில்ல கேக்காதா?"

"எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க."

"எழுதுவாங்க. படிக்கிறவங்க சிரிப்பாங்க." அண்ணி ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

சிரிக்கிற நிலைமை இல்லை. காலையில்தான் கடைக்காரரின் மகள் போன் செய்திருந்தாள். அதட்டல் இல்லை, கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, மூணு மாசமா ஏறிட்டே போகுதுன்னு படம் போட்டு அனுப்புனீங்க. போன மாசம் தொண்ணூத்தாறு. இந்த மாசம் முப்பத்தேழு. எப்படிக்கா?"

"பாத்துச் சொல்றேன்மா."

"சொல்ல வேண்டாம், எழுதுங்க. ஏன் விழுந்துச்சு, எப்படித் திரும்ப எடுப்பீங்கன்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். சனிக்கிழமை நானும் அப்பாவும் உக்காந்து பேசி முடிவு பண்றோம், உங்களை வச்சுக்கறதா வேண்டாமான்னு. தப்பா நினைக்காதீங்க. அம்மா இருந்தா அவங்க பாத்துக்குவாங்க. இப்ப எல்லாம் என் தலைல."

அவள் அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. கடையின் வாசலில் உட்கார்ந்து போனை எடுத்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர் அவர்தான். உள்ளே, சத்தம் புகாத கண்ணாடி அறையில் அப்பா காதைச் சோதிப்பார். வெளியே அம்மா பேசுவார். விளம்பரக்காரிக்கு இந்த வேலையைக் கொடுத்ததும் அந்த அம்மாதான். "வாம்மா, நீ போடுற விளம்பரம் எங்க ஆளுங்களுக்குக் கேக்குமான்னு பாப்போம்" என்று சிரித்தபடி.

இவளிடம் இருந்த நாலு கடைகளில் பெரியது இதுதான். அது போனால் வேறு கடை தேடலாம். ஆனால் அந்த அம்மா கொடுத்த வேலையை, அவர் போன நாலாம் மாதம் தொலைத்தவள் என்ற பேர் வந்தால், அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

முதல் வரியை அழித்தாள். விழுந்த இடத்தைத் தேடினாள்.

விளம்பரத்தில் இருப்பது கடையின் சொந்த எண் இல்லை. எந்த அழைப்பு விளம்பரத்தால் வந்தது என்று தெரிவதற்காக ஒரு சேவையிடம் வாடகைக்கு எடுத்த எண். அதில் கூப்பிட்டால் கடையில்தான் மணியடிக்கும். ஆனால் நடுவில் அந்தச் சேவை ஒரு பட்டியல் போடும்: எந்த நேரம், எத்தனை நிமிடம், கூப்பிட்ட எண்ணின் கடைசி மூன்று இலக்கம். பேச்சையும் பதிவு செய்து முப்பது நாள் வைத்திருக்கும். அதற்குப் பிறகு தானாக அழித்துவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் "வாடிக்கையாளர்" என்று எண்ணும். இந்த ஒரு நிமிடத்தை நிர்ணயித்தது இவள்தான். சும்மா விலை கேட்டுவிட்டு வைக்கிறவர்கள் கணக்கில் சேரக் கூடாது என்பதற்காக.

அழைப்புகளை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். கடை திறந்திருக்கும் நேரத்தில் வந்தவை போன மாதம் முப்பத்தெட்டு, இந்த மாதம் முப்பத்தைந்து. அங்கே பள்ளமே இல்லை.

மீதி எல்லாம் கடை மூடியிருக்கும் நேரம். போன மாதம் ஐம்பத்தெட்டு. இந்த மாதம் இரண்டு.

மூடின கடையில் யார் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார்கள்?

அந்த ஐம்பத்தெட்டைத் திறந்தாள். முதல் நாள், காலை ஆறு பத்து. அடுத்த நாள், ஆறு பத்து. அதற்கடுத்த நாள், ஆறு ஒன்பது. மாதத்தின் முப்பத்தொரு நாளும் ஒரு நாள் விடாமல் ஒரே எண், கடைசி இலக்கம் நாலு ஒன்று ஏழு. அந்த எண்ணின் முதல் அழைப்பு எப்போது என்று பின்னால் போய்ப் பார்த்தாள். விளம்பரம் தொடங்கிய அன்றே, மதியம் இரண்டு மணிக்கு. கணக்கில் முதல் வரியே அதுதான். பிறகு பத்து மாதம் ஒன்றுமில்லை. பிறகு போன மாதம் முடிய மூன்று மாதம் தினமும் காலையில்.

அந்த அம்மா போன சமயத்தில்தான் அது தொடங்கியிருந்தது.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"என்ன, சீசன் மாறிடுச்சா?"

"வந்து பக்கத்துல உக்காருங்க. ஒண்ணும் பேசாதீங்க."

பழையவை எல்லாம் அழிந்திருந்தன. மிஞ்சியிருந்தவற்றில், இருபத்தேழு நாளைக்கு முந்தைய காலை அழைப்பை அழுத்தினாள். "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று இயந்திரம் சொன்னது. மணி நாலு முறை அடித்தது. பிறகு ஒரு பெண் குரல், நிதானமாக, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதுபோல:

"வணக்கம். கடை இப்போ மூடியிருக்கு. காலையில பத்து மணிக்குத் திறப்போம்."

"தெரியும்" என்றது ஓர் ஆண் குரல்.

"அவசரப்படாதீங்க. பேப்பரும் பேனாவும் எடுத்துக்குங்க. நான் காத்திருக்கேன்."

சில நொடி அமைதி. அந்த அமைதியில் ஆண் குரல் சொன்னது: "எடுக்கல. நீ சொல்லு. ராத்திரி தூக்கம் வரல. முதுகுவலி மாத்திரைய எங்க வச்ச?"

"திரும்பவும் சொல்றேன். காலையில பத்து மணி."

"சரி சரி, பத்து மணி."

"உங்க பேரையும், எந்தக் காதுல கேக்கலைங்கிறதையும் சொல்லுங்க. நாங்களே திரும்பக் கூப்பிடுறோம்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு காதுலயும்தான்" என்றது ஆண் குரல். "கூப்பிடு."

விளம்பரக்காரி அதை நிறுத்தினாள். மற்றதைத் திறக்கவில்லை. ஒன்றைக் கேட்டதே ஊரார் வீட்டு அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தது போல இருந்தது.

"இது அந்தக் கடைக்காரப் பெரியவர்தானே?" அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா."

"அந்தம்மா பேசுதே?"

"பழைய பதிவு அண்ணி. கடை மூடுன பிறகு ஓடுற மெசேஜ். காது மந்தமானவங்களுக்குன்னு நிறுத்தி நிறுத்தி, ரெண்டு தடவை சொல்லி வச்சிருக்காங்க. எவ்வளவு நேரம் பாருங்க. ஒரு நிமிஷம் பன்னெண்டு செகண்ட்."

"அதனால?"

"ஒரு நிமிஷம் தாண்டினா வாடிக்கையாளர்னு எண்ணச் சொன்னவ நான். ஒரே ஆள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஒவ்வொண்ணையும் புது ஆளா எண்ணுற மாதிரி வச்சவளும் நான். அந்தப் பதிவைக் கடைசி வரைக்கும் கேட்டவங்க எல்லாரும் என் கணக்குல வெற்றி."

கெடுதல் அதோடு நிற்கவில்லை. விளம்பரத்தை யாருக்கு, எந்த நேரத்தில் காட்டுவது என்பதை, விளம்பரம் ஓடுகிற இணையத்தளமே தானாகத் தீர்மானிக்கும்படி விட்டிருந்தாள். எந்த நேரத்தில் "வெற்றி" கூடுகிறதோ அங்கே அது விளம்பரத்தைத் தள்ளிக்கொண்டு போகும். பெரியவர் விடியலில் கூப்பிட்டார். விடியலில்தான் ஆள் கிடைக்கிறார்கள் என்று தளம் கற்றுக்கொண்டது. விடியலில் விழித்துக் கிடக்கும் மனிதர்களாகத் தேடித் தேடிக் காட்டியது. அவர்களில் போன மாதம் இருபத்தேழு பேர் கூப்பிட்டார்கள், இறந்துபோன அந்த அம்மாவின் குரலைக் கடைசி வரை கேட்டார்கள், வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துத் தளம் இன்னும் உற்சாகமானது. பகலில் வரவேண்டிய நிஜ வாடிக்கையாளருக்கு விளம்பரம் போதுமான அளவு போகவில்லை.

இவளோ அந்தக் கோட்டை மேல்நோக்கி வரைந்து, பச்சை நிறம் தீட்டி, "தொடர்ந்து வளர்ச்சி!" என்று எழுதி அனுப்பினாள்.

"இப்ப ஏன் விழுந்துச்சு?" அண்ணி கேட்டாள்.

விளம்பரக்காரி போனை எடுத்து அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மதிய இடைவேளை; கடையில் ஆளில்லை. புதுக் குரல் ஒன்று, யாரோ சின்னப் பெண், மூச்சு விடாமல் இருபது நொடியில் முடித்துவிட்டது.

"குரலை மாத்திட்டாங்க. இருபத்தாறு நாளைக்கு முன்னாடி."

"அந்த மனுஷனுக்குத் தெரியுமா?"

பட்டியலைப் பார்த்தாள். இருபத்தாறு நாளைக்கு முன், காலை ஆறு பத்து: இருபது நொடி. ஆறு பதினொன்று: இருபது நொடி. ஆறு பன்னிரண்டு. ஆறு பதிமூன்று. அன்று காலை மட்டும் ஒன்பது முறை. மறுநாள் ஒன்று. பிறகு இல்லை.



"பேசாம அந்தப் பருவகாலத்தையே எழுதிடு" என்றாள் அண்ணி.

"அண்ணி!"

"பின்ன? பொண்ணு கையில போற லெட்டர். 'உங்கப்பா செத்துப்போன உங்கம்மாவோட தினம் பேசினாரு, அதைத்தான் வியாபாரம்னு நினைச்சுட்டேன்'னு எழுதுவியா? அந்த மனுஷன் கடையில தலை நிமிர்ந்து உக்கார வேண்டாமா?"

"எழுதலைன்னா, நிஜமா என்ன ஆச்சுன்னு எப்படிச் சொல்றது? இல்லாத ஒரு காரணத்தைச் சொன்னா அதுக்கு ஏத்த வைத்தியம் பண்ணணும். இன்னும் நாலு மாசம் விடியக்காலையில விளம்பரம் ஓடும்."

அண்ணி எழுந்து போய் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தாள். அது அவள் சமாதானம். "அப்ப உன் தப்பை முழுசா எழுது. அவர் பேச்சை அவருக்கே விட்டுடு" என்றாள்.

இன்னொன்றும் மனதில் முள்ளாக நின்றது. மிஞ்சியிருப்பவற்றில் அந்தம்மாவின் குரல் உள்ள கடைசிப் பதிவுகளும் சனிக்கிழமையோடு அழிந்துவிடும். அதன் பிறகு அந்தக் குரல் எங்கேயும் இருக்காது. எடுத்து வைக்க இவளுக்கு என்ன உரிமை? விடுவதற்குத்தான் என்ன உரிமை? பெரியவரின் பேச்சு கலந்தவற்றைத் தொடவில்லை. அதே நாட்களில் யாரோ முகம் தெரியாத ஒருவர், ஒரு வார்த்தை பேசாமல், முழுவதையும் கேட்டுவிட்டு வைத்திருந்தார். அந்த ஒன்றை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கடிதம் போனது.

"வணக்கம். போன மாதம் தொண்ணூற்றாறு, இந்த மாதம் முப்பத்தேழு. இந்தச் சரிவு ஏன் என்று கேட்டீர்கள். உண்மையில் சரிந்தது அழைப்பு அல்ல, என் கணக்கு. போன மாதத் தொண்ணூற்றாறில் ஐம்பத்தெட்டு, கடை மூடியிருந்தபோது வந்து, பதிவுசெய்த செய்தியைக் கேட்டுவிட்டு வைத்தவை. அந்தச் செய்தி ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டதால் அவற்றை வாடிக்கையாளர் என்று எண்ணிவிட்டேன். செய்தி மாறியதும் அந்த எண்ணிக்கை நின்றது. முந்தைய மூன்று மாதமும் வளர்ச்சி என்று நான் எழுதியது தவறு. உங்கள் பதிவேட்டில் சோதனைக்கு வந்தவர் எத்தனை என்று ஒரு முறையாவது கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அது என் பிழை.

இனி செய்யப்போவது: கடை திறந்திருக்கும் நேரத்து அழைப்பு மட்டுமே எண்ணப்படும், ஓர் ஆள் ஒரு முறைதான். விளம்பரமும் அந்த நேரத்தில் மட்டுமே ஓடும். வாரந்தோறும் பதிவேட்டிலிருந்து, நிஜமாகச் சோதனைக்கு வந்தவர்களின் பட்டியலைத் தாருங்கள். அதைத் தளத்துக்குக் கொடுத்தால் அப்படிப்பட்டவர்களைத் தேடும். தவறாகக் கற்றதை மறக்க அதற்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை எண்ணிக்கை இன்னும் குறைவாகவே தெரியும், பயப்பட வேண்டாம். ஆறாவது வாரத்துக்குள் பகல் நேர அழைப்பு மாதத்துக்கு நாற்பது என்ற கணக்கில் வராவிட்டால் நானே விலகிக்கொள்கிறேன்.

மூடிய நேரத்து அழைப்புகளின் பட்டியல் இணைப்பில் உள்ளது. அதில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். அதில் தவறு எதுவும் இல்லை. சனிக்கிழமை நேரில் பேசலாம்."

அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. போன் அடித்தது.

"அக்கா." மகளின் குரல் உள்ளடங்கியிருந்தது. "அந்த நாலு ஒண்ணு ஏழு."

"சனிக்கிழமை பேசலாமேம்மா."

"அது அம்மாவோட நம்பர்க்கா."

விளம்பரக்காரி எழுந்து நின்றுவிட்டாள். பெரியவரின் எண் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"அம்மா போனை நான்தான் அணைச்சு பீரோவுல, அவங்க புடவைக்கு அடியில வச்சேன். என் கையால வச்சேன். தினம் காலையில ஆறு மணிக்கு அம்மா எப்படிக்கா கடைக்குப் போன் பண்ணுவாங்க? ஆறு மணிக்குத்தான் அவங்க எந்திரிப்பாங்க."

"பயப்படாதம்மா. உக்காரு முதல்ல." மரியாதையெல்லாம் மறந்து வாய் ஒருமைக்குப் போய்விட்டது. "பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?"

எங்கோ தூரத்தில் ஒரு கதவு மூடும் ஒலி.

"அப்பாகிட்ட" என்றாள் மகள். பிறகு, "அய்யோ" என்றாள். அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டது.

சனிக்கிழமை கடையின் பின்னறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடி அறை அது. கதவைச் சாத்தியதும் தெரு, மின்விசிறி, எல்லாம் அறுந்து, அவரவர் காதுக்குள் ரத்தம் ஓடுவதே கேட்கிற மாதிரி ஆயிற்று. மகளின் கண் வீங்கியிருந்தது. பெரியவர் மேசை மேல் இருந்த ஹெட்போனின் வயரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, உன் கணக்கைக் கெடுத்தது நான்தானாமே?" என்றார்.

"இல்ல சார். நான் சரியா எண்ணல."

"அவ போன்ல 'கடை'ன்னு ஒரு நம்பர் இருந்துச்சு. அதைத்தான் அழுத்துனேன். அது உன் விளம்பர நம்பர்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாள் விளம்பரம் வந்ததும் அம்மாதான் அழுத்திப் பாத்திருக்காங்க சார். அப்பவே சேமிச்சு வச்சிருப்பாங்க. கணக்குல முதல் வரி அவங்கதான்."

பெரியவர் தலையை ஆட்டினார். "எதையும் தானே ஒரு தடவை செஞ்சு பாக்கணும் அவளுக்கு." வயரைக் கீழே வைத்தார். "ஒரு நாள் காலையில வேற பொண்ணு பேசுச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தினம் தினம் போட்டுக் கேட்டு, நானே தேச்சுட்டேன்னு நினைச்சேன். கேட்டுக் கேட்டு அழிச்சுட்டேன்னு."

"நான்தான்பா மாத்தச் சொன்னேன்" என்றாள் மகள். "ஒரு நாள் வெளிய இருந்து கடைக்குப் போட்டேன். அம்மா எடுத்தாங்க. நான் ரோட்டோரமா அப்படியே உக்காந்துட்டேன். நீங்களும் கேட்டா தாங்க மாட்டீங்கன்னுதான்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க பீரோவைத் திறக்கறதைச் சொன்னீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளம்பரக்காரி தன் பையைப் பார்த்தாள்.

"உங்க பேச்சு இருக்கிற பதிவுகள் மிச்சம் கொஞ்சம் இருக்கு சார். ஒண்ணைக் கேட்டேன். கேட்டதுக்கு மன்னிச்சிடுங்க. இன்னியோட தானா அழிஞ்சிடும். வேணும்னா எடுத்துத் தரேன்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அழியட்டும். நான் பேசினதை நானே கேட்டு என்ன பண்ணப் போறேன்?"

"அம்மா மட்டும் பேசுறது ஒண்ணு இருக்கு." பென் டிரைவை மேசையில் வைத்தாள். "யாரோ ஒருத்தர் சும்மா கேட்டுட்டு வச்சது."

மகள் அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு பேசினாள். கடைக்காரியின் குரல் திரும்பியிருந்தது. "இந்தப் புது மெசேஜ் ஒண்ணுமே புரியலைன்னு மூணு பேர் திட்டிட்டாங்க. காது கேக்காதவங்ககிட்ட ரயில் மாதிரி ஓடினா? அம்மாவோடதையே திரும்பப் போட்டுடலாம். அக்கா, அது உங்க கணக்கைக் கெடுக்காதே?"

"இனிமே கடை மூடுன பிறகு வர்றது எதையும் எண்ண மாட்டேன்."

"அப்ப ஆறு வாரம். லெட்டர்ல எழுதின மாதிரி."

"எழுதின மாதிரி."

வாசல்வரை வந்த பெரியவர் மெல்லக் கேட்டார்: "எண்ண மாட்டேன்னா, அந்தப் பட்டியல்ல வராதா?"

"வரும் சார். கீழ, தனியா. யாரும் கூட்ட மாட்டாங்க."

"பதிவு?"

"மூடுன நேரத்துல யார் பேச்சையும் பதியாம நிறுத்திட்டேன்."

அவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் கடையின் அழைப்பு ஐந்தில் நின்றது. இன்னும் குறையும் என்று எழுதியவள்தான். எழுதுவது வேறு, பார்ப்பது வேறு. பழைய குரலைத் திரும்ப ஏற்றியாயிற்று என்று மகள் செய்தி அனுப்பியிருந்தாள். சரியாக ஓடுகிறதா என்று வெளியிலிருந்து ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது இவள் வேலை.

விடியலில் எழுந்தவள், அண்ணி பால் காய்ச்சுகிற சத்தம் கேட்க, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அழுத்தின பிறகுதான் பார்த்தாள். ஆறு பத்து.

மணியடிக்கவில்லை. டொக், டொக், டொக் என்று எங்கேஜ்டு ஒலி.

"என்னடி, யாரும் எடுக்கலையா?" உள்ளிருந்து அண்ணி கேட்டாள்.

"இல்ல அண்ணி" என்று போனைக் கீழே வைத்தாள். "பேசிட்டிருக்காங்க."